இறுகிய உரைநடையைத் தளர்த்துவது எப்படி: பெயர்களை வினைகளாகத் திருப்பும் முழு வழிகாட்டி

கீழே இருப்பது ஒரு நூலக அறிவிப்பு. இந்த வழிகாட்டிக்காக நானே எழுதியதுதான். ஆனாலும் இதன் உடன்பிறப்புகளை நீங்கள் எத்தனையோ பலகைகளில் பார்த்திருப்பீர்கள்.

> நூலக விரிவாக்கப் பணிகள் காரணமாக வாசகர் அனுமதி தற்காலிக நிறுத்தம் செய்யப்பட்டுள்ளது. இரவல் நூல்களின் ஒப்படைப்பு, பின்வாயில் பெட்டியின் வாயிலாக மேற்கொள்ளப்படுதல் வேண்டும். தாமதக் கட்டண வசூலிப்பு, பணி நிறைவு வரை நிறுத்திவைக்கப்படுகிறது. பணி நிறைவுக்குப் பின் புதிய உறுப்பினர் சேர்க்கை தொடர்பான அறிவிப்பு வெளியிடப்படும். வாசகர்களின் ஒத்துழைப்பு எதிர்பார்க்கப்படுகிறது.

இதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. அகராதியைத் தேட வைக்கும் சொல்லும் இல்லை. ஆனாலும் வாய்விட்டுப் படித்தால் குரல் தானாக விறைத்துக்கொள்கிறது. கடினமான சொற்களை எளிய சொற்களாக மாற்றினால் சரியாகிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். இங்கே மாற்றுவதற்குக் கடினச் சொல்லே கிடைக்காது. ஏனென்றால் விறைப்பு சொற்களில் இல்லை, அவற்றின் வகையில் இருக்கிறது. விரிவாக்குவது, அனுமதிப்பது, நிறுத்துவது, ஒப்படைப்பது, வசூலிப்பது, முடிவது, சேர்ப்பது, அறிவிப்பது, ஒத்துழைப்பது என்று இந்த ஐந்து வாக்கியங்களுக்குள் அத்தனை செயல்கள் நடக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை பெயர்ச்சொல்லாக உறைந்துபோயிருக்கின்றன. யாரும் எதையும் செய்வதாகத் தெரியவில்லை.

இந்த அறிவிப்பையே கடைசிவரை வைத்துக்கொண்டு, படிப்படியாக அதைத் தளர்த்துவோம்.

## பெயரானதும் எது போய்விடுகிறது

"சேர்ப்போம்" என்ற ஒரு சொல்லைப் பிரித்துப் பாருங்கள். சேர் என்ற செயல் இருக்கிறது. "ப்ப்" எதிர்காலத்தைச் சொல்கிறது. "ஓம்" செய்கிறவர்கள் நாங்கள் என்று சொல்கிறது. செயல், காலம், ஆள் என மூன்றும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. "சேர்க்கை" என்று எழுதும்போது செயல் மட்டும் மிஞ்சுகிறது. சேர்த்தார்களா, சேர்க்கிறார்களா, சேர்ப்பார்களா, யார், யாரை என்பதெல்லாம் உதிர்ந்துவிடுகின்றன. தொழிற்பெயர் காலமும் இடமும் காட்டாது என்று பள்ளியில் படித்த விதிக்கு உரைநடையில் இதுதான் விளைவு.

தமிழின் வினைமுற்று ஆளைத் தன்னுள்ளேயே சுமக்கிறது. அதனால் வினை பெயராகும்போது, வாக்கியத்தில் இருந்த மனிதரும் சேர்ந்தே வெளியேறுகிறார். படிப்பவருக்கு விறைப்பாகத் தோன்றுவது அதனால்தான். யாரோ நம்மிடம் பேசுவதாக இல்லாமல், எங்கிருந்தோ ஒரு குரல் ஒலிப்பதாகப் படுகிறது.

தொனி மட்டும் கெடுவதில்லை, பொருளும் கலங்கும். "மேலாளரின் பாராட்டு ஊழியர்களை மகிழ்வித்தது" என்றால் மேலாளர் பாராட்டினாரா, மேலாளரை யாராவது பாராட்டினார்களா? "புதிய தலைவரின் தேர்வு சரியில்லை" என்பதில் தலைவர் தேர்ந்தெடுத்தது சரியில்லையா, அவரைத் தேர்ந்தெடுத்தது சரியில்லையா? நம் இலக்கணிகள் இந்த ஆபத்தை எப்போதோ கவனித்திருக்கிறார்கள். தொல்காப்பியம் "தடுமாறு தொழிற்பெயர்" என்று ஒன்றைப் பேசுகிறது. உரையாசிரியர்கள் அதற்குக் காட்டுவது "புலி கொல் யானை". புலி யானையைக் கொன்றதா, யானை புலியைக் கொன்றதா என்பது அந்தத் தொடரை மட்டும் வைத்துத் தெரியாது. அங்கே வினை எச்சமாகவாவது நிற்கிறது. "புலிக் கொலை" என்று முழுப் பெயராக்கினால் யானையும் காணாமல் போய்விடும்.

## முதல் படி: வாக்கியத்தின் கடைசிச் சொல்லைப் பாருங்கள்

தமிழில் வினை கடைசியில் வருவது நமக்கு ஒரு வசதி. தேடல் எங்கே தொடங்க வேண்டும் என்பது தெளிவாக இருக்கிறது. ஒவ்வொரு வாக்கியத்தின் இறுதிச் சொல்லையும் விரலால் மறைத்துவிட்டு, செயல் என்ன என்று புரிகிறதா பாருங்கள். "ஆய்வு மேற்கொள்ளப்பட்டது" என்பதில் "மேற்கொள்ளப்பட்டது" என்ற பெரிய சொல்லை மறைத்தாலும் ஒன்றும் குறையாது. செய்தி முழுக்க "ஆய்வு" என்பதில் இருக்கிறது. இறுதி வினை வெறும் கூடு.

கூடாக மட்டும் நிற்கும் இத்தகைய வினைகள் ஒரு சிறு கூட்டம்தான். மேற்கொள்ளுதல், நடைபெறுதல், ஏற்படுத்துதல், அளித்தல், உட்படுத்துதல், இடம்பெறுதல், காணப்படுதல், அமைந்திருத்தல் ஆகியவை அடிக்கடி தலைகாட்டுபவை. "ஆகும்", "என்பதாகும்" என்று முடியும் வாக்கியங்களையும் இதே சந்தேகத்தோடு பாருங்கள். கூடு கண்ணில் பட்டால், அதற்கு ஒட்டி முன்னால் நிற்கும் பெயரில்தான் உண்மையான வினை ஒளிந்திருக்கும்.

அந்தப் பெயரை அதன் வாலை வைத்து அடையாளம் காணலாம். ஒப்படைப்பு, சேகரிப்பு என்று "பு"வில் முடியும். ஆய்வு, நிறைவு என்று "வு"வில் முடியும். சேர்க்கை, வருகை, முயற்சி, வளர்ச்சி, மாற்றம், நிறுத்தம், வெளிப்பாடு, மேம்பாடு, அனுப்புதல், பெறுதல் என்று மற்றவையும் பழகிய முகங்கள்தாம். நன்னூல் தரும் தொழிற்பெயர் விகுதிப் பட்டியலை மனப்பாடம் செய்தவர்களுக்கு இது இன்னும் எளிது. மற்றவர்கள் ஒரு பென்சிலால் இரண்டு பக்கத்தை அடிக்கோடிட்டுப் பார்த்தால் போதும், கண் பழகிவிடும்.

ஒரு பொய்யான தீர்வைப் பற்றி இங்கேயே எச்சரித்துவிடுகிறேன். "ஆய்வு மேற்கொள்ளப்பட்டது" என்பதை "ஆய்வு நடந்தது" என்று மாற்றுகிறார்கள். வாக்கியம் சுருங்கியது, ஆனால் பெயர் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. "ஆராய்தல் நடந்தது" என்றால் ஒரு பெயரை எடுத்துவிட்டு இன்னொரு பெயரை வைத்திருக்கிறோம். "ஆராய்வது என்பது அவசியமான ஒன்றாகும்" என்பதும் அதே கதைதான். "ஆராய்வது" வினை போலத் தோன்றும், ஆனால் அந்த வாக்கியத்தில் அது எழுவாயாக, அதாவது பெயராகத்தான் வேலை பார்க்கிறது. "ஆராய வேண்டும்" என்று முடித்தால்தான் வினை திரும்பி வந்ததாகப் பொருள்.

## இரண்டாம் படி: செய்தது யார் என்று எழுதி வையுங்கள்

பெயரைக் கண்டுபிடித்ததும் உடனே மாற்றத் தொடங்காதீர்கள். அதன் பக்கத்தில், ஓரத்தில், ஆளை எழுதுங்கள். நம் அறிவிப்பில் இப்படி வரும்: விரிவாக்குவது நூலகம், அதாவது நாங்கள். அனுமதிப்பதும் நிறுத்துவதும் நாங்கள். ஒப்படைப்பது வாசகர். வசூலிப்பது நாங்கள். சேர்ப்பதும் அறிவிப்பதும் நாங்கள். ஒத்துழைப்பது வாசகர்.

இதைச் செய்தவுடனேயே ஒன்று தெரிந்துவிடுகிறது. அறிவிப்பு முழுவதிலும் இருப்பவர்கள் இரண்டே தரப்பினர், நாங்களும் நீங்களும். அவ்வளவு எளிய உறவை மூலப்பிரதி முற்றிலும் மறைத்துவிட்டது.

சில பெயர்களுக்குப் பக்கத்தில் எழுத ஆள் கிடைக்கமாட்டார். அங்கேதான் கவனம் வேண்டும். "முடிவு எடுக்கப்பட்டது" என்று எழுதியவரிடம் யார் முடிவெடுத்தார்கள் என்று கேளுங்கள். மூன்றில் ஒரு பதில் வரும்: "ஒரு குழு", "எனக்குத் தெரியாது", "தெரியும், ஆனால் சொல்ல விரும்பவில்லை". முதல் பதில் என்றால் "குழு முடிவெடுத்தது" என்று எழுதிவிடலாம். இரண்டாவது என்றால் எழுதும் முன் விசாரிக்க வேண்டும். மூன்றாவது என்றால் இது மொழிநடைச் சிக்கலே இல்லை, நீங்கள் திருத்தி ஒன்றும் ஆகாது. அவர் தெரிந்தேதான் பெயருக்குப் பின்னால் நிற்கிறார்.

## மூன்றாம் படி: பெயரை எந்த வினை வடிவமாகத் திருப்புவது

எல்லாப் பெயரையும் வினைமுற்றாக்க வேண்டியதில்லை. அப்படிச் செய்தால் துண்டு துண்டான வாக்கியங்களே கிடைக்கும். தமிழில் வினையை முடிக்காமல் அடுத்த வினையோடு கோத்துவிடும் வசதி இருக்கிறது. செய்து, செய்ய, செய்தால், செய்ததும், செய்யும்போது, செய்தாலும் என்று எச்ச வடிவங்கள் தாராளமாகக் கிடக்கின்றன. பெயர்களைத் தொடுத்து எழுதுகிறவர்கள் இந்தச் செல்வத்தைத் தொடுவதே இல்லை. அதற்குப் பதிலாகப் பொருட்டு, காரணமாக, வாயிலாக, தொடர்பாக, அடிப்படையில் போன்ற கொக்கிகளில் பெயர்களை மாட்டித் தொங்கவிடுகிறார்கள்.

கொக்கியைப் பார்த்தாலே எந்த எச்சம் வேண்டும் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். "மேம்பாட்டின் பொருட்டு" என்பதில் நோக்கம் இருக்கிறது, எனவே "மேம்படுத்த". "பழுது காரணமாக" என்பது காரணம், எனவே "பழுதானதால்". "நிறைவுக்குப் பின்" என்பது "முடிந்த பிறகு" ஆகும். உடனே நடந்தது என்றால் "முடிந்ததும்". "அனுமதியின்றி" என்பது சூழலைப் பொறுத்து "கேட்காமல்" அல்லது "அனுமதி வாங்காமல்" ஆகும். "பயன்பாட்டின்போது" என்பது "பயன்படுத்தும்போது". "தொடர்பாக", "குறித்து" ஆகிய இரண்டும் கொஞ்சம் அடம்பிடிக்கும். அவற்றுக்கு நேர் எச்சம் கிடையாது. பெரும்பாலும் ஒரு கேள்விச் சொல்தான் கைகொடுக்கும். "கட்டண உயர்வு தொடர்பாக விளக்கம் அளிக்கப்பட்டது" என்பதை "கட்டணத்தை ஏன் உயர்த்தினோம் என்று விளக்கினோம்" என்று திருப்பலாம். அந்த "ஏன்" சில இடங்களில் "எப்போது", "எவ்வளவு" என்றும் ஆகும். எது சரி என்பதை எழுதுகிறவர்தான் சொல்ல வேண்டும். பெயர் அதைச் சொல்லாமல் தப்பித்துக்கொண்டிருந்தது.

இந்தப் படியில் அடிக்கடி நேரும் பிழை ஒன்று உண்டு. "செய்து" என்னும் எச்சம் பொதுவாக இறுதி வினையின் எழுவாயோடுதான் போய் ஒட்டும். "விண்ணப்பத்தை நிரப்பி, அலுவலகம் அட்டையை அனுப்பும்" என்று எழுதினால் விண்ணப்பத்தை அலுவலகமே நிரப்புவதாகப் படும். ஆள் மாறும் இடத்தில் "நீங்கள் விண்ணப்பத்தை நிரப்பித் தந்ததும், அலுவலகம் அட்டையை அனுப்பும்" என்று எழுத வேண்டும். இரண்டாம் படியில் ஓரத்தில் எழுதிவைத்த ஆட்கள் இங்கேதான் பயன்படுவார்கள். ஓரத்தில் ஒரே ஆள் தொடர்ந்து வந்தால் "செய்து" போட்டுக் கோக்கலாம். ஆள் மாறினால் எழுவாயை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு "செய்ததும்", "செய்த பிறகு", "செய்தால்" என்று ஏதாவது ஒன்றால் இணைக்க வேண்டும்.

எச்சங்களை எத்தனை வரை கோக்கலாம்? மூன்றைத் தாண்டினால் நான் வாக்கியத்தை முறித்துவிடுவேன். "வந்து, பார்த்து, கேட்டு, எழுதி, அனுப்பி" என்று நீண்டுகொண்டே போவது வேறு வகையில் படிப்பவரைக் களைப்படையச் செய்யும்.

## நான்காம் படி: பக்கத்துச் சொற்களையும் திருப்புங்கள்

வினை திரும்பி வந்தால் சுற்றியிருக்கும் சொற்களும் தங்கள் உடையை மாற்றிக்கொள்ள வேண்டும். பெயரைத் தழுவிய அடைமொழி இப்போது வினையைத் தழுவ வேண்டும். "விரிவான ஆய்வு மேற்கொள்ளப்பட்டது" என்பது "விரிவாக ஆராய்ந்தார்கள்" ஆகும். "கடும் எதிர்ப்பு தெரிவித்தனர்" என்பது "கடுமையாக எதிர்த்தார்கள்" ஆகும். அதேபோல் "நூல்களின் ஒப்படைப்பு" என்பதில் இருந்த "இன்" போய், "நூல்களை ஒப்படைக்க" என்று "ஐ" வரும். தொகையாக ஒட்டிக்கிடந்த "கட்டண வசூலிப்பு" பிரிந்து "கட்டணத்தை வசூலிக்க" ஆகும்.

வேற்றுமை உருபு வெளியே வருவதுதான் இதில் பெரிய ஆதாயம். "குடிநீர் இணைப்புத் துண்டிப்பு நடவடிக்கை எச்சரிக்கை அறிவிப்பு" போன்ற நீள்தொகைகளில் எது எதோடு சேர்கிறது என்று படிப்பவர்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். "குடிநீர் இணைப்பைத் துண்டிப்போம் என்று எச்சரிக்கிறோம்" என்றால் "ஐ" உருபே வழிகாட்டிவிடுகிறது. அதிலிருந்த "நடவடிக்கை" எங்கே என்று தேடாதீர்கள். வினை வந்ததும் அதற்கு வேலை இல்லாமல் போய்விட்டது. பணி, நடவடிக்கை, செயல்பாடு, நிகழ்வு, நிலை போன்ற சொற்கள் பல இடங்களில் இன்னொரு தொழிற்பெயருக்குத் தாங்குகட்டையாக மட்டுமே நிற்கின்றன.

## அறிவிப்பைத் திருத்திப் பார்ப்போம்

முதல் வாக்கியம் எளிது. "நூலகத்தை விரிவாக்கிக்கொண்டிருக்கிறோம். அதனால் வாசகர்களை இப்போதைக்கு உள்ளே அனுமதிக்க முடியவில்லை." ஒன்று இரண்டானது. "நிறுத்தம் செய்யப்பட்டுள்ளது" என்பதிலிருந்த நிறுத்துதலை நான் விட்டுவிட்டேன். அனுமதியை நிறுத்துவதும் அனுமதிக்காமல் இருப்பதும் இங்கே ஒன்றுதான். பெயர்களாக இருந்தபோது இரண்டும் தனித்தனிச் செயல்களைப் போல மிடுக்காக நின்றன.

இரண்டாவது வாக்கியத்தில் ஆள் வாசகர். "இரவல் வாங்கிய நூல்களைப் பின்வாயிலில் இருக்கும் பெட்டியில் போட்டுவிடுங்கள்." இங்கே "விடு" என்ற துணைவினையைக் கவனியுங்கள். "போடுங்கள்" என்பதைவிட "போட்டுவிடுங்கள்" இதமாக இருக்கிறது. போட்டால் போதும், அதோடு உங்கள் வேலை முடிந்தது என்று அது சொல்லாமல் சொல்கிறது. விடு, கொள், வை, பார், தா போன்ற துணைவினைகள்தாம் தமிழில் தொனியின் நுண்திருகுகள். "எடுத்துவையுங்கள்", "கேட்டுப்பாருங்கள்", "எழுதிக்கொள்ளுங்கள்", "சொல்லித்தாருங்கள்" என்று ஒவ்வொன்றும் பேசுகிறவரின் மனநிலையைக் காட்டும். இவை வினையோடுதான் இயல்பாக ஒட்டும். "ஒப்படைப்பு" என்று எழுதியவரால், விரும்பினாலும் அந்தப் பெயரில் இதத்தை ஏற்ற முடியாது. கடைசியில் "தயவுசெய்து", "அன்புடன்" என்று தனியாக ஒட்டவைக்க வேண்டியதுதான்.

மூன்றாவது வாக்கியத்தில் சிக்கினேன். "தாமதக் கட்டண வசூலிப்பு, பணி நிறைவு வரை நிறுத்திவைக்கப்படுகிறது." வினையாக்கினால் "பணி முடியும்வரை தாமதக் கட்டணத்தை வசூலிக்கமாட்டோம்" என்று வருகிறது. சரி, முடிந்த பிறகு? மூடியிருந்த நாட்களுக்கும் சேர்த்துக் கணக்கிட்டு வசூலிப்பீர்களா, அந்த நாட்களைத் தள்ளுபடி செய்துவிடுவீர்களா? "நிறுத்திவைப்பு" இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. படிப்பவருக்கோ இதுதான் அறிவிப்பிலேயே முக்கியமான செய்தி. பெயர்களைத் தளர்த்தும் வேலையில் இப்படிப்பட்ட ஓட்டைகள் அகப்பட்டுக்கொண்டே இருக்கும். நீங்கள் பிறர் எழுதியதைத் திருத்துகிறவர் என்றால் இதை ஊகித்து நிரப்பாதீர்கள், எழுதியவரிடம் கேளுங்கள். இது என் சொந்த அறிவிப்பு என்பதால் நானே முடிவு செய்கிறேன்: "நூலகம் மூடியிருக்கும் நாட்களுக்குத் தாமதக் கட்டணம் வாங்கமாட்டோம்."

நான்காவதில் "சேர்க்கை தொடர்பான அறிவிப்பு" இருக்கிறது. எதை அறிவிப்பார்கள்? தேதியை என்று வைத்துக்கொள்வோம். "பணி முடிந்ததும், புதிய உறுப்பினர்களை எப்போது சேர்ப்போம் என்று அறிவிப்போம்." இப்போது மூன்று வினைகள் ஒரே வாக்கியத்தில் இருந்தாலும் நெரிசல் இல்லை.

ஐந்தாவது, "ஒத்துழைப்பு எதிர்பார்க்கப்படுகிறது". வாசகர் எதில் ஒத்துழைக்க வேண்டும்? நூலைப் பெட்டியில் போட வேண்டும், அவ்வளவுதான். அதை ஏற்கெனவே சொல்லிவிட்டோம். வினையாக்க முயன்றால் சொல்வதற்கு ஒன்றும் மிஞ்சாத பெயர்களும் உண்டு. அந்த வாக்கியத்தை நீக்கிவிடலாம். மொட்டையாக முடிகிறதே என்று தோன்றினால் "இடையூறுக்கு வருந்துகிறோம்" என்று சேர்க்கலாம். அதில் வருந்துகிற ஆள் இருக்கிறார்.

> நூலகத்தை விரிவாக்கிக்கொண்டிருக்கிறோம். அதனால் வாசகர்களை இப்போதைக்கு உள்ளே அனுமதிக்க முடியவில்லை. இரவல் வாங்கிய நூல்களைப் பின்வாயிலில் இருக்கும் பெட்டியில் போட்டுவிடுங்கள். நூலகம் மூடியிருக்கும் நாட்களுக்குத் தாமதக் கட்டணம் வாங்கமாட்டோம். பணி முடிந்ததும், புதிய உறுப்பினர்களை எப்போது சேர்ப்போம் என்று அறிவிப்போம். இடையூறுக்கு வருந்துகிறோம்.

திருத்திய பிரதியிலும் "கட்டணம்", "பணி", "இடையூறு" என்று பெயர்கள் இருக்கின்றன. இருக்கட்டும். அவை பொருள்களையும் நிலைமைகளையும் சுட்டுகின்றன, வேறொரு வினையின் இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை.

## எவ்வளவு தளர்த்துவது

தொனியில் பல படிகள் உண்டு. "ஒப்படைக்கப்படுதல் வேண்டும்" என்பது ஒரு கோடி, "கொடுத்துவிடுங்கள்" என்பது மறுகோடி. இடையில் "ஒப்படைக்க வேண்டும்", "ஒப்படைக்கவும்", "ஒப்படையுங்கள்" என்று நிற்கலாம். வினையாக்குவது என்றால் கொஞ்சிப் பேசுவது என்று பொருள் இல்லை. வங்கிக் கடிதம் "ஒப்படைக்க வேண்டும்" என்ற படியில் நின்றாலே போதும். அங்கும் வினை இருக்கிறது, கண்டிப்பும் இருக்கிறது. துணைவினைகளை எல்லா வாக்கியத்திலும் தூவினால், "அனுப்பிவிடுங்கள், பார்த்துவிடுங்கள், சொல்லிவிடுங்கள்" என்று அவசரப்படுத்துவது போலாகிவிடும். பத்திக்கு ஒன்று போதும் என்பது என் கணக்கு.

இன்னொரு மிகை, எல்லா வாக்கியத்தையும் மூன்று சொற்களில் முடிப்பது. பெயர்களை உடைத்த உற்சாகத்தில் பலர் இதில் விழுகிறார்கள். பாலர் பாடம் போலப் படிக்கும். எச்சங்களால் கோத்த நடுத்தர வாக்கியம் ஒன்று, அதன் பிறகு குட்டை வாக்கியம் ஒன்று என்று மாறி மாறி வந்தால் காதுக்கு இயல்பாக இருக்கும்.

## கதையிலும் கட்டுரையிலும்

அறிவிப்பு எழுதுகிறவர்களுக்கு மட்டும் இந்த நோய் வருவதில்லை. "அவளுக்குள் ஏமாற்றம் ஏற்பட்டது", "அவனிடம் தயக்கம் காணப்பட்டது", "அவர் முகத்தில் புன்னகையின் வெளிப்பாடு தென்பட்டது" என்று கதைகளிலும் எழுதுகிறார்கள். ஏமாந்துபோனாள், தயங்கினான், புன்னகைத்தார் என்று ஒரே சொல்லில் முடிந்திருக்கும். பெயராக எழுதும்போது உணர்ச்சி பாத்திரத்துக்கு வெளியே நடப்பதாகிவிடுகிறது, நாம் அதை ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம்.

ஆனால் இங்கே ஒரு எல்லை உண்டு, தமிழுக்கே உரியது. "எனக்குக் கோபம் வந்தது", "அவளுக்குப் பயம் பிடித்தது", "குழந்தைக்குத் தூக்கம் வருகிறது" என்பவற்றிலும் பெயர்தான் இருக்கிறது. ஆனாலும் இவை துளியும் விறைப்பாக இல்லை. உணர்ச்சி நமக்கு வருகிறது, பிடிக்கிறது, போகிறது என்று சொல்வதுதான் நம் வழக்கம். விதியை நினைத்துக்கொண்டு எல்லா இடத்திலும் "கோபித்தேன்", "அஞ்சினாள்" என்று மாற்றினால் தளர்ச்சிக்குப் பதில் இறுக்கமே கூடும். "கோபம் ஏற்பட்டது" என்பதை "கோபம் வந்தது" ஆக்கினாலே போதும்.

## தொடக்கூடாத பெயர்கள்

"கைது செய்தார்கள்", "ரத்து செய்தார்கள்", "உதவி செய்தான்" போன்றவற்றில் பெயரும் "செய்"யும் சேர்ந்து ஒரே வினையாகவே ஆகிவிட்டன. கைதுக்கும் ரத்துக்கும் வழக்கில் தனி வினை இல்லை. உதவிக்கு உண்டு, ஆனால் "உதவினான்" என்பதும் "உதவி செய்தான்" என்பதும் ஒரே இயல்போடு ஒலிக்கின்றன. அதனால் இவற்றை விட்டுவிடுங்கள். நம்மிடம் உயிரோடு ஒரு நேர் வினை இருந்தும் பெயர் அதன் இடத்தைப் பிடித்திருந்தால்தான் மாற்ற வேண்டும். "விற்பனை செய்தார்" என்பது "விற்றார்" ஆகலாம். "தகவல் தெரிவித்தார்" என்பது பல நேரம் "சொன்னார்" என்றாலே போதும்.

தேர்தல், கூட்டம், கல்வி, வழக்கு போன்றவை பிறப்பில் தொழிற்பெயராக இருந்தாலும் இன்று நிகழ்ச்சிகளுக்கும் துறைகளுக்கும் பெயர். தலைப்புகளிலும் பெயரே சிறப்பாக அமையும். திருக்குறளில் ஓர் அதிகாரத்தின் தலைப்பு "கல்வி". உள்ளே முதல் குறள் "கற்க" என்ற வினையோடு தொடங்கி, கற்பவை, கற்றபின், நிற்க என்று போகிறது. பெயர் வாசலில் நின்று எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று சொல்லிவிட்டது, பேச்சு முழுக்க வினை. அதையே "கசடற்ற கற்றலின் மேற்கொள்ளலும் அதற்கேற்ற நடத்தையின் கடைப்பிடிப்பும் அவசியமாகும்" என்று எழுதிப் பாருங்கள். யாரும் மனப்பாடம் செய்யமாட்டார்கள்.

முன் வாக்கியத்தில் சொன்னதை அடுத்த வாக்கியத்தில் பிடித்துக்கொள்ளவும் பெயர் உதவும். "அலுவலக நேரத்தை ஒரு மணி முன்னதாகத் தொடங்கினார்கள். இந்த மாற்றம் யாருக்கும் பிடிக்கவில்லை." இதில் "மாற்றம்" தேவையான பெயர். முந்தைய வினையை ஒரு பொதியாகக் கட்டி அடுத்த வாக்கியத்துக்குக் கொண்டுவருகிறது. வினை முதலில் வந்து, பெயர் பின்னால் வந்தால் பிரச்சினையே இல்லை. தொடக்கத்திலேயே பெயர் வந்து, வினை கடைசிவரை வராமல் போவதுதான் சிக்கல்.

சட்ட ஆவணங்களில் கைவைக்கும் முன் யோசியுங்கள். "ஒப்படைப்பு" என்றால் இன்னது என்று ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் வரையறுத்திருந்தால், உள்ளே வரும் ஒவ்வோர் "ஒப்படைப்பும்" அந்த வரையறையைச் சுட்டுகிறது. அதை "கொடுத்தால்", "தந்ததும்" என்று அழகாக மாற்றினால் சட்டத் தொடர்பு அறுந்துவிடும். அங்கே வரையறுத்த சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு, சுற்றியுள்ள வரையறுக்காத பெயர்களை மட்டும் தளர்த்தலாம்.

## கடைசிச் சோதனை

திருத்திய பிரதியை எதிரே ஒருவர் உட்கார்ந்திருப்பதாக எண்ணி வாய்விட்டுப் படியுங்கள். எழுத்துத் தமிழாகவே இருக்கட்டும், பேச்சுத் தமிழாக்க வேண்டியதில்லை. எந்த இடத்தில் அவர் முகத்தைப் பார்க்காமல் தாளைப் பார்க்கத் தோன்றுகிறதோ, அங்கே ஒரு பெயர் மிஞ்சியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

பிறகு பிரதியை, அதன்படி நடக்க வேண்டிய ஒருவரிடம் கொடுத்து, இப்போது என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். நூலக அறிவிப்பு என்றால் "புத்தகத்தைப் பெட்டியில் போடுவேன், அபராதம் கிடையாது" என்று சொல்ல வேண்டும். அவர் தயங்கினால் எந்த வாக்கியத்தில் தயங்கினார் என்று பார்த்து, அதன் கடைசிச் சொல்லிலிருந்து மறுபடி தொடங்குங்கள். அவர் சரியாகச் சொல்லிவிட்டு, "ஆனால் இதை யாரோ வீட்டில் பேசுவது போல எழுதியிருக்கிறார்களே" என்று முகம் சுளித்தால், வினைகளைத் தொடாமல் துணைவினைகளை மட்டும் எடுத்துவிட்டு, "போட்டுவிடுங்கள்" என்பதை "போட வேண்டும்" என்று மாற்றிக் கொடுத்துப் பாருங்கள்.